பால் கக்கும் குழந்தைக்குச் சரிவுத் தலையணை விற்காதீர்கள்: சேலத்துக் குழந்தைப் பொருள் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐந்து ரோட்டிலும் செர்ரி ரோட்டிலும் அம்மாப்பேட்டையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் ஏற்காட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலும் குழந்தைப் பொருள் கடை வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். நான் பல வருஷமாகப் பச்சிளங்குழந்தை வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். உங்கள் கடைகளில் பல வருஷமாகச் சாமான் வாங்குகிறவளும்கூட. கொழுந்தனார் குழந்தைக்கும் தம்பி குழந்தைக்கும் சீர் சாமான் எல்லாம் உங்களிடம்தான் எடுத்தேன், இனியும் உங்களிடம்தான் எடுப்பேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்: பால் கக்குகிற குழந்தையைத் தூங்க வைக்க என்று விற்கும் சரிவுத் தலையணையையும், குழந்தை புரளாமல் இருக்க இரண்டு பக்கமும் உருளை வைத்த பொசிஷனரையும், சுற்றிலும் மெத்து மெத்தென்று கரை கட்டிய பேபி நெஸ்ட்டையும் கடையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மூன்றில் சரிவுத் தலையணையைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். அதைத்தான் பயந்துபோன பெற்றோர் தேடி வந்து வாங்குகிறார்கள். மற்ற இரண்டும் பெரும்பாலும் அழகுக்கும் அன்பளிப்புக்கும் போகின்றன. இது மட்டும் மருந்து வாங்குகிற மாதிரி வாங்கப்படுகிறது.

போன மாதம் ஒரு கடையில் என் கண் முன்னாலேயே நடந்தது. பில் போட நின்றுகொண்டிருந்தேன். இருபத்தைந்து வயசு இருக்கும் ஒரு தம்பி வந்து, "அக்கா, பாப்பாவுக்கு ரெண்டரை மாசம், பால் குடிச்சதும் கக்கிடுது, தூக்கத்துல புரையேறிடுமோன்னு வீட்ல ராத்திரி பூரா முழிச்சிருக்காங்க, ஏதாவது இருக்கா" என்று கேட்டார். கடையிலிருந்த அக்கா நல்ல மனசுக்காரர். உடனே மேல் தட்டிலிருந்து ஜிப் பையில் போட்ட ஒரு தலையணையை எடுத்து, "இதப் போடு தம்பி, தலை தூக்கி இருக்கும், பால் மேல வராது, நிம்மதியாத் தூங்கலாம்" என்றார். அட்டையில் ஒரு குழந்தை சிரித்தபடி சாய்ந்து தூங்குகிற படம். இடுப்பில் மாட்ட ஒரு வெல்க்ரோ பட்டை. அந்தத் தம்பி விலைகூடக் கேட்கவில்லை. அவர் பயந்ததும் நியாயம், அக்கா சொன்னதும் நல்லெண்ணத்தில்தான். பொருள்தான் தப்பு. அந்தத் தம்பியை வெளியே நிறுத்திப் பேசி, திருப்பிக் கொடுக்கச் செய்தேன். ஆனால் நான் ஒவ்வொரு கடை வாசலிலும் நிற்க முடியாதே, அதனால்தான் இந்த மடல்.

முதலில் அந்தப் பயத்தைப் பற்றி. "பால் புரையேறி பச்சிளங்குழந்தை பலி" என்று பேப்பரில் வரும் செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். வீட்டில் பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். காலையில் பார்க்கும்போது குழந்தை அசைவில்லாமல் இருக்கிறது, வாயோரத்தில் கொஞ்சம் பால், உடனே பால்தான் காரணம் என்று முடிவாகிவிடுகிறது. வாயில் பால் இருந்தது என்பதும் பாலால்தான் மூச்சு நின்றது என்பதும் ஒன்றாகிவிடாது. வேறு காரணத்தால் மூச்சு நின்ற பிறகும் வயிற்றிலிருந்து பால் மேலே வந்து வாயில் நிற்கலாம். குழந்தை எப்படிப் படுத்திருந்தது, முகம் எதில் பதிந்திருந்தது, பக்கத்தில் என்ன தலையணை இருந்தது என்று நம் ஊரில் யாராவது கேட்டு எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. அதனால் எல்லாப் பழியும் பால் மேல் விழுகிறது, தலையணை மேல் விழுவதில்லை, அடுத்த வீட்டுக்காரர் பயந்து போய் இன்னொரு தலையணை வாங்குகிறார்.

மல்லாக்கப் படுத்தால் புரையேறும் என்பதுதான் இந்த வியாபாரத்துக்கே அடிப்படை. அது உடம்பின் அமைப்புக்கு நேர் எதிரான எண்ணம். உங்கள் கழுத்தின் முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கெட்டியாக வளையம் வளையமாகத் தட்டுப்படுவது மூச்சுக் குழாய். சாப்பாடு போகிற உணவுக் குழாய் அதற்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. இப்போது குழந்தையை மல்லாக்கப் போட்டால் மூச்சுக் குழாய் மேலே, உணவுக் குழாய் கீழே. வயிற்றிலிருந்து வரும் பால் கீழே இருக்கும் உணவுக் குழாயிலேயே தேங்கும். அது மூச்சுக் குழாய்க்குள் போக வேண்டுமென்றால் மேல் நோக்கி ஏற வேண்டும், அதற்குள் குழந்தை விழுங்கிவிடும் அல்லது இருமித் தள்ளிவிடும், பிறந்த குழந்தைக்கே அந்த அனிச்சைச் செயல் உண்டு. குப்புறப் போட்டால் இது தலைகீழாகிறது, உணவுக் குழாய் மேலே வந்து, வருகிற பால் மூச்சுக் குழாயின் வாசலிலேயே வந்து நிற்கும்.

இது வெறும் படம் போட்டுச் சொல்லும் கணக்கு இல்லை. அமெரிக்காவில் 1992இல் குழந்தை மருத்துவர் அகாடமி குழந்தைகளைக் குப்புறப் போடாதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்து, 1994இல் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று நாடு முழுக்கப் பிரச்சாரம் செய்தார்கள். அடுத்து வந்த வருஷங்களில் காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. லட்சக்கணக்கான குழந்தைகள் ஒரேயடியாக மல்லாக்கப் படுக்க ஆரம்பித்தும் புரையேறி இறப்பது கூடவில்லை. பால் கக்குகிற குழந்தைகளும் அந்த லட்சங்களில் இருந்தார்கள்தானே.

சரி, தலையைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் என்ன குறைந்துவிடும், நல்லதுதானே என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் அந்தத் தலையணையின் அளவிலேயே இருக்கிறது. நான் அந்தத் தம்பியிடமிருந்து வாங்கி அளந்து பார்த்த தலையணையை வைத்தே சொல்கிறேன். தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கம் வரை 30 சென்டிமீட்டர், உயரமான பக்கம் 10 சென்டிமீட்டர். அதாவது சாய்வு ஏறத்தாழ 18 டிகிரி. மூன்று மாதக் குழந்தை 60 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையை உச்சியில் வைத்தால் இடுப்புப் பக்கம் வரும்போதே தலையணை முடிந்துவிடுகிறது. ஆக முதுகும் தலையும் சரிவில், இடுப்பும் காலும் தரையில், குழந்தை இடுப்பில் மடங்கிக் கிடக்கிறது.

அப்புறம் என்ன ஆகிறது? பச்சைக் குழந்தைக்குத் தலை பெரிசு, பின்மண்டை புடைத்திருக்கும், கழுத்துக்கு வலு கிடையாது. சமதளத்தில் மல்லாக்கக் கிடக்கும்போது தலை ஒரு பக்கமாகச் சாயுமே தவிர முன்னால் விழாது. சரிவில் வைத்ததும் தலையின் பாரம் முன்பக்கம் இழுக்கிறது. தூக்கம் ஆழமாகும்போது கழுத்துத் தசை தளர்ந்து மோவாய் மெல்ல மெல்ல நெஞ்சில் வந்து உட்காருகிறது. குழந்தையின் மூச்சுக் குழாய் பெரியவர்களுடையது மாதிரி விறைப்பாக இருக்காது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை மடக்கினால் எப்படி நின்றுபோகுமோ அப்படித்தான் அதுவும். கொடுமை என்னவென்றால் இதில் சத்தமே வராது. இருமல் கிடையாது, திமிறல் கிடையாது, அழுகை கிடையாது, பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்குக் குழந்தை அமைதியாகத் தூங்குவது போலவே இருக்கும். பட்டை போட்டிருந்தால் நழுவாது என்று சொல்கிறார்கள். பட்டை இடுப்பைத்தான் பிடிக்கும், தலையைப் பிடிக்காது. இடுப்பு நின்ற இடத்தில் நிற்க, மேல் உடம்பு மட்டும் சரிந்து இன்னும் மோசமாக மடங்கும்.

இரண்டாவது ஆபத்து புரளுவது. 2019இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆர்கன்சா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் எரின் மானென் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் குழந்தைகளைச் சமதளத்திலும் சரிவான படுக்கைகளிலும் கிடத்தி, எந்தத் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தார்கள். சரிவில் உடம்பு ஏற்கெனவே முன்னால் மடங்கி இருப்பதால் மல்லாக்கக் கிடக்கும் குழந்தை குப்புறப் புரளுவது எளிதாகிறது என்றும், அப்படிப் புரண்ட பிறகு முகத்தைத் தூக்கி வைத்திருக்க வயிற்றுத் தசைகள் சமதளத்தைவிட அதிகம் உழைத்துச் சீக்கிரம் களைத்துப்போகின்றன என்றும் தெரிந்தது. தரையில் இன்னும் புரளத் தெரியாத குழந்தை, தலையணையில் முதன்முதலாகப் புரண்டுவிடுகிறது. அதுவும் யாரும் பார்க்காத நேரத்தில், முகம் ஸ்பஞ்சில் பதிய, திரும்பி வரத் தெரியாமல். அவர்கள் சோதித்த சரிவான தூக்கப் படுக்கைகளில் ஒன்றைக்கூடத் தூங்கப் பாதுகாப்பானது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

அதே 2019 ஏப்ரலில்தான் ஃபிஷர் பிரைஸ் கம்பெனி தன்னுடைய ராக் அண்ட் ப்ளே என்ற சரிவுப் படுக்கையை, விற்ற 47 லட்சத்தையும், திரும்பப் பெற்றது. அப்போதே முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தை மரணங்கள் கணக்கில் வந்திருந்தன. 2022இல் அமெரிக்காவில் சட்டமே வந்துவிட்டது, குழந்தை தூங்குவதற்கான படுக்கை 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் விற்கக் கூடாது என்று. குழந்தை மருத்துவர் அகாடமியும் அதே வருஷம் வெளியிட்ட வழிகாட்டுதலில் 10 டிகிரிக்கு மேல் சாய்வு வேண்டாம், கெட்டியான சமதளம்தான் வேண்டும் என்கிறது.

10 டிகிரி என்றால் எவ்வளவு என்று கடையிலேயே பார்த்துவிடலாம், டேப் போதும். 30 சென்டிமீட்டர் நீளத் தலையணையின் உயரமான பக்கம் 5.3 சென்டிமீட்டரைத் தாண்டினால் 10 டிகிரி தாண்டிவிட்டது. போனில் ரசமட்டம் பார்க்கும் ஆப் இருந்தால் தலையணை மேல் போனை வைத்தாலே எண் காட்டும். ஆனால் இதை அளக்கச் சொல்வது, அந்தத் தலையணை எந்த அளவுக்குத் தப்பு என்று நீங்களே பார்ப்பதற்காகத்தான். 10 டிகிரிக்குள் இருக்கிறது, ஆகவே விற்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாய்வு குறைவாக இருந்தாலும் அது மெத்தென்ற ஸ்பஞ்சுதான், குறுகலானதுதான், குழந்தை சறுக்கி ஓரத்தில் விழுந்தால் முகம் புதையும் இடம்தான்.

இவ்வளவு ஆபத்தையும் தாங்கிக்கொண்டு பால் கக்குவதாவது குறைகிறதா என்றால் அதுவும் இல்லை. மல்லாக்கப் படுத்திருக்கும் குழந்தையின் தலைப்பக்கத்தை உயர்த்திப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது பலன் எதுவும் தெரியவில்லை. மடங்கி உட்கார்ந்த மாதிரி கிடந்தால் வயிறு அழுந்திப் பால் இன்னும் கூடத்தான் வரும். இங்கிலாந்தின் நைஸ் என்ற மருத்துவத் தர அமைப்பு 2015இலேயே, தூங்கும் குழந்தைக்கு எதுக்களிப்பைக் குறைக்க என்று படுக்கும் நிலையை மாற்றாதீர்கள், மல்லாக்கவே படுக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டது. வட அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தை இரைப்பை குடல் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது. எதுக்களிப்பு நோய் என்று உறுதியான குழந்தைக்கே இந்த அறிவுரை என்றால், சும்மா கக்குகிற குழந்தைக்குக் கேட்கவே வேண்டாம்.

பொசிஷனருக்கு வருகிறேன், சுருக்கமாகவே. இரண்டு உருளைக்கு நடுவில் குழந்தையை ஒருக்களித்து வைப்பது. 2010 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் சேர்ந்து, இதைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று எச்சரித்தன. 13 வருஷத்தில் 12 குழந்தைகள் இறந்திருந்தார்கள், பெரும்பாலோர் ஒருக்களித்த நிலையிலிருந்து குப்புறப் புரண்டு மூச்சு முட்டியவர்கள். புரளாமல் இருக்க என்று வாங்கிய பொருளிலேயே புரண்டு. ஒருக்களித்துப் படுப்பது ஒரு நிலையான படுக்கை கிடையாது, குழந்தையின் கை கொஞ்சம் நகர்ந்தாலே உடம்பு முன்னால் சரியும், அப்போது எதிரில் இருக்கிற உருளை மூக்கை அடைக்கும்.

13 வருஷத்தில் 12 என்பது சின்ன எண்ணாச்சே என்று ஒரு கடைக்கார அண்ணன் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், வியாபாரி எண்ணைப் பார்ப்பார். அந்தப் பன்னிரண்டு, தெரிய வந்த கணக்கு, அவ்வளவுதான். அதைத் தவிர, படுக்க வைத்த நிலையிலிருந்து மாறி ஆபத்தான நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகள் பற்றிப் பல டஜன் புகார்கள். இன்னொரு பக்கம் நன்மை என்று எழுத ஒன்றுமே கிடையாது. தூக்கத்தில் வரும் திடீர் மரணத்தை இது தடுக்கும் என்று எந்தப் பொசிஷனருக்கும் அந்த உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் கொடுத்ததில்லை. தடுப்பூசி போட்டால் காய்ச்சல் வரலாம், ஆனாலும் போடுகிறோம், ஏனென்றால் நன்மை பெரிசு. நன்மையே இல்லாத ஒன்றுக்காக ஒரு குழந்தையைக்கூட ஏன் பணயம் வைக்க வேண்டும்?

பேபி நெஸ்ட் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனையாளர்கள் எங்கள் வார்டைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். "ஆஸ்பத்திரியில இன்குபேட்டர் குழந்தைக்கே இப்படித்தான் வைக்கறாங்க" என்று. உண்மைதான், குறைமாதக் குழந்தைகளுக்கு நாங்கள் துணியைச் சுருட்டிக் கூடு மாதிரி சுற்றி வைப்போம், கை கால் விரிந்து கிடக்காமல் கருப்பைக்குள் இருந்தது போல ஒடுங்கி இருக்க. ஆனால் அந்தக் குழந்தையின் காலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி மாட்டியிருக்கும், நெஞ்சில் இதயத் துடிப்பு பார்க்கும் ஒயர் இருக்கும், அளவு குறைந்தால் அலாரம் அடிக்கும், இரண்டெட்டில் நர்ஸ் நிற்பார். அப்படியும் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே அந்தக் கூட்டை எடுத்துவிட்டுச் சமமாக மல்லாக்கப் படுக்கப் பழக்கித்தான் அனுப்ப வேண்டும். உள்ளே இருக்கும்போது கூட்டைப் பார்த்துவிட்டு, குழந்தையைக் கூட்டிக்கொண்டு போன கையோடு நெஸ்ட் வாங்குகிற பெற்றோரைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. அதுவும் குறைமாதக் குழந்தை, மூச்சை விட்டு விட்டு இழுக்கிற குழந்தை.

நெஸ்ட்டின் கரை மெத்தென்று இருப்பதுதான் அதன் அழகு, அதன் ஆபத்தும் அதுவே. குழந்தை தலையைத் திருப்பி மூக்கை அதில் பதித்தால், விட்ட மூச்சே துணிக்குள் நின்று திரும்பத் திரும்ப உள்ளே போகும். ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும். சின்னக் குழந்தைக்கு விழித்துக்கொண்டு முகத்தைத் திருப்பத் தோன்றுவதற்குள் நேரம் கடந்துவிடலாம். 2021 செப்டம்பரில் பாப்பி என்ற கம்பெனி இதே மாதிரி நடுவில் பள்ளமான 33 லட்சம் மெத்தைகளைத் திரும்பப் பெற்றது, எட்டுக் குழந்தைகள் இறந்த பிறகு. அதன் அட்டையில் தூங்குவதற்கில்லை என்றே எழுதியிருந்தது. அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், படுக்க வசதியாகத் தெரிகிற இடத்தில் குழந்தை தூங்கிவிடும். ஆகவே "முழிச்சிருக்கும்போது மட்டும் போடுங்க" என்று சொல்லி விற்பதும் தீர்வாகாது.

நம் ஊரில் நெஸ்ட்டைவிட அதிகம் போவது ஜிப் கொசுவலை மெத்தை செட்தான் என்று எனக்குத் தெரியும். மெத்தை, அதன் மேல் கூடாரம் மாதிரி வலை, நடுவில் பள்ளம் வைத்த ஒரு தலையணை, இரண்டு பக்கமும் இரண்டு உருளை. தாய்மாமன் சீரில் இது இல்லாமல் இருக்காது. வலை நல்லது, நம் ஊர்க் கொசுவுக்கு அவசியம். அந்தத் தலையணையையும் உருளைகளையும் நீங்களே பிரித்து எடுத்துவிட்டு வலையையும் மெத்தையையும் மட்டும் கொடுங்கள், மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்து அமுங்கி உள்ளே போகாமல் உடனே எழும்புவதை மட்டும். ஒரு வயசு வரைக்கும் குழந்தைக்குத் தலையணையே தேவையில்லை. மண்டை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை கேட்டு வரும் பாட்டிகளிடமும் அதையே சொல்லலாம். முழித்திருக்கும்போது பக்கத்திலேயே இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாடவிடுவதும், படுக்க வைக்கும்போது தலை ஒருநாள் வலப்பக்கம், மறுநாள் இடப்பக்கம் திரும்புகிற மாதிரி பார்த்துக்கொள்வதும்தான் மண்டை தட்டையாகாமல் இருக்க வழி. ஏற்காட்டுக் கடைக்காரர்கள் மார்கழிக் குளிருக்கு நெஸ்ட் இதமாக இருக்கும் என்று விற்பது எனக்குத் தெரியும். குளிருக்கு உடம்போடு ஒட்டிய துணி இன்னும் ஒன்று போட்டால் போதும், முகத்துக்குப் பக்கத்தில் பஞ்சு எதுவும் வேண்டாம்.

"காலங்காலமா தூளியில தூங்கலையா, அதுவும் மடங்கித்தானே கிடக்குது" என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். தூளியிலும் அதே மோவாய்ப் பிரச்சினை உண்டு, அதை நான் மறைக்கவில்லை. புடவை ஆழமாகத் தொங்கினால் குழந்தை வளைந்து மோவாய் நெஞ்சில் படும். அழும் குழந்தையைத் தூளியில் ஆட்டுவது நம் வீட்டுப் பழக்கம், பக்கத்தில் ஆள் இருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆட்டட்டும், தூங்கியதும் எடுத்துச் சமமான இடத்தில் மல்லாக்கக் கிடத்தட்டும். குறைமாதக் குழந்தைக்கும் முதல் சில மாதங்களுக்கும் ராத்திரி முழுக்கத் தூளி வேண்டாம் என்றுதான் என் வார்டிலிருந்து போகும் ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்கிறேன். அதனால் தூளியைக் காட்டித் தலையணையை நியாயப்படுத்த முடியாது.

பால் கக்குது என்று வருகிறவர்களிடம் என்னதான் சொல்வது? இதைச் சொல்லுங்கள், செலவில்லாதது. குழந்தைகள் கக்குவது வயிற்றின் மேல் வாய் இன்னும் இறுக்கமாக மூடாததால். நாலு மாத வாக்கில் உச்சத்துக்குப் போய், ஒரு வயசுக்குள் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் வர வைத்து, இருபது முப்பது நிமிஷம் நிமிர்த்தித் தூக்கி வைத்திருக்கட்டும். அந்த நேரத்தில் ஆள் முழித்திருப்பார், குழந்தையின் முதுகு நேராக இருக்கும். ஒரேயடியாக நிறையக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கட்டும். அப்புறம் பாயின் மேல் பருத்தித் துணியை இழுத்து விரித்து, அம்மா பக்கத்திலேயே தனி இடத்தில், மல்லாக்க. நம் தரையும் பாயும் அந்த வெளிநாட்டு வழிகாட்டுதல்கள் கேட்கிற கெட்டியான சமதளம்தான், காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வாந்தி எடுத்தால், பீய்ச்சியடித்தால், எடை ஏறாவிட்டால், மூச்சு நின்று நின்று வந்தால், உதடு நீலம் பாய்ந்தால் உடனே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். அந்தக் குழந்தைகளுக்கு வைத்தியம் வேண்டும், தலையணை வாங்கி வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு வாரம் தள்ளிப்போவதே பெரிய கெடுதல்.

ஆன்லைனில் கிடைக்கிறதே, நாங்கள் விற்காவிட்டால் அங்கே வாங்குவார்கள் என்றும் சொல்கிறீர்கள். ஆன்லைனுக்கும் தடை போட முடியும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2023 மே மாதம் சீட் பெல்ட் போடாமலேயே அலாரத்தை நிறுத்தும் கிளிப்புகளை விற்ற ஐந்து ஆன்லைன் தளங்களுக்கு, அதையெல்லாம் நீக்கச் சொல்லி உத்தரவு போட்டது. சின்னப் பிளாஸ்டிக் துண்டுதான், ஆனால் உயிருக்கு ஆபத்து என்று நீக்கினார்கள். இந்தத் தலையணைகளுக்கும் அதே மாதிரி கேட்டு நான் ஆணையத்துக்கு எழுதியிருக்கிறேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் யார் வேண்டுமானாலும் புகார் சொல்லலாம். பொம்மைக்கு 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றானதும் நீங்கள் மொத்த வியாபாரியிடம் முத்திரை கேட்டு வாங்கப் பழகிவிட்டீர்கள். தலையணை பொம்மைக் கணக்கில் வராது. அதனால் இதற்கு அரசாங்கம் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. "பால் கக்காது", "நிம்மதியான தூக்கம்" என்று அட்டையில் இருப்பதை அடுத்த முறை சரக்கு எடுக்கும்போது மொத்த வியாபாரியிடமே காட்டி, எந்த ஆதாரத்தில் எழுதினீர்கள் என்று கேளுங்கள். அவரிடம் பதில் இருக்காது.

இருக்கிற சரக்கை என்ன செய்வது என்றால், திருப்பி அனுப்ப முடிந்ததை அனுப்புங்கள். முடியாததைப் பாதி விலைக்குத் தள்ளிவிடாதீர்கள், மலிவாக வாங்கின வீட்டிலும் குழந்தைதான் படுக்கப் போகிறது. ஸ்பஞ்சைப் பிரித்து வேறு எதற்காவது எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்கிப் போனவர்கள் திரும்பக் கொண்டு வந்தால், பில் இல்லாவிட்டாலும் கவர் கிழிந்திருந்தாலும் வாங்கிக்கொண்டு, அந்தக் காசுக்குப் பருத்தித் துணியோ கொசுவலையோ கொடுங்கள். உங்கள் கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக் காட்ட வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், டியூட்டி இல்லாத மத்தியானத்தில் நான் வருகிறேன்.